குன்னூர் சிறு நோயறி ஆய்வகத் திட்ட அறிக்கை
பகுதி 6: உரிமங்களும் ஒப்புதல்களும் – சரிபார்ப்புப் பட்டியல்

மேல் குன்னூரில் 620 சதுர அடிப் பரப்பில் அமையவிருக்கும் ஆய்வகத்துக்கு வேண்டிய உரிமங்கள், அவற்றை எந்த வரிசையில் பெறப்போகிறோம், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்கும் பங்குதாரர் யார் என்பவை இப்பகுதியில் உள்ளன. ஆய்வகத்தில் ரத்தவியல், உயிர்வேதியியல், சிறுநீர்ப் பரிசோதனை, தைராய்டு உள்ளிட்ட ஹார்மோன் பரிசோதனைகள், அடிப்படை சீராலஜி ஆகியவை மட்டுமே நடைபெறும். நோய்க்குறியியல் மருத்துவரான முதல் பங்குதாரர், நிர்வாகத்தைக் கவனிக்கும் இரண்டாம் பங்குதாரர், டெக்னீசியன்கள் மூவர், வரவேற்பாளர் ஒருவர், துப்புரவுப் பணியாளர் ஒருவர் என ஆய்வகத்தில் எழுவர் இருப்பர். இவர்களில் ஊதியம் பெறுவோர் ஐவர்.

மலைப்பகுதியில் ஓர் ஆய்வகம் காலதாமதமாவது பெரும்பாலும் மருத்துவத் துறை உரிமத்தால் அன்று. கட்டடத்தின் காகிதங்களாலும் கழிவு வண்டியாலும்தான் என்பது எங்கள் கணிப்பு. ஆகவே அவ்விரண்டையும் முதலில் வைத்திருக்கிறோம். கருவிகளுக்கான வங்கிக் கடனின் முதல் தவணையையும் அவற்றோடு இணைத்திருக்கிறோம்.

6.1 கட்டடம்

தேர்வு செய்துள்ள கட்டடம் குடியிருப்பாக அனுமதி பெற்றது. அதில் ஆய்வகம் நடத்தப் பயன்பாட்டு மாற்றத்துக்கான நகராட்சி ஆணை வேண்டும். நீலகிரியில் கட்டட அனுமதி சமவெளியைப் போன்றதன்று. மலைவாழிடங்களுக்கெனத் தனிக் கட்டட விதிகள் 1993 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்கீழ் உயரக் கட்டுப்பாடு உண்டு. சில இடங்களுக்கு மலைப்பகுதி பாதுகாப்பு அதிகாரத்தின் ஒப்புதலும் தேவைப்படும். எனவே கூடுதல் தளமோ முன்புறத் தகரக் கூரையோ எழுப்பாமல், வெளிச்சுவரையும் தாங்குசுவரையும் தொடாமல், உட்புறத்தில் கழற்றக்கூடிய தடுப்புகளை மட்டும் கொண்டு அறைகளைப் பிரிக்க முடிவு செய்துள்ளோம். இதனால் மாதிரி சேகரிப்பு அறை விரும்பிய அளவைவிடச் சற்றுக் குறுகும். ஆனால் புதிய கட்டட அனுமதிக்காக மழைக்காலம் முழுவதும் காத்திருப்பதைவிட அது மேல்.

உரிமையாளரிடமிருந்து பெற வேண்டியவை: அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகல், நடப்பு ஆண்டு சொத்துவரி ரசீது, குடிநீர் இணைப்பு விவரம், கழிவுநீர்த் தொட்டியின் அளவும் இருப்பிடமும், ஆய்வகம் நடத்த ஆட்சேபனையின்மைக் கடிதம். வரைபடத்துக்கும் உள்ள கட்டடத்துக்கும் வேறுபாடு இருக்கிறதா என்பதை உரிமம் பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் டேப்புடன் வந்து அளந்து எழுதித் தர வேண்டும். பின்புறச் சமையலறை பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதுபோல் தெரிவதால் இது சம்பிரதாயத்துக்கான வேலையன்று. வாடகை ஒப்பந்தம், 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டப்படி எழுத்து வடிவில் செய்யப்பட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்படும். பயன்பாட்டு மாற்ற ஆணை கிடைத்த நாளிலிருந்தே முழு வாடகை தொடங்கும், ஆணை மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் திரும்பும் என்ற இரு வாசகங்கள் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டோம்.

கட்டடம் குன்னூர் நகராட்சி எல்லைக்குள் இருப்பதால் நகராட்சியே உள்ளாட்சி அதிகாரம். வெலிங்டன் பக்கம் சில நூறு மீட்டர் தள்ளி இடம் பார்த்தால் அது கன்டோன்மென்ட் வாரியத்தின் எல்லைக்குள் விழக்கூடும். அப்போது விண்ணப்பிக்கும் அலுவலகமே மாறிவிடும். மாற்று இடம் தேட நேர்ந்தால் முதல் கேள்வியாக இதையே கேட்க வேண்டும்.

பொறுப்பு: இரண்டாம் பங்குதாரர். நிலை: வரைபட நகல் பெறப்பட்டது, அளவெடுப்பு நிலுவையில் உள்ளது.

6.2 மருத்துவக் கழிவு அங்கீகாரம்

2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, படுக்கை இல்லாத சிறிய ஆய்வகமும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரத்தைப் பெற்றாக வேண்டும். விண்ணப்பம் படிவம் 2. அங்கீகாரம் படிவம் 3. படுக்கையற்ற நிறுவனங்களுக்கு இது ஒருமுறை அங்கீகாரம் என்பது எங்களுக்குச் சாதகமானது. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30க்குள் படிவம் 4இல் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். நீர், காற்றுச் சட்டங்களின்கீழ் வாரியத்தின் இசைவாணை தனியாகத் தேவையா என்பதை மாவட்ட அலுவலகத்திடம் எழுத்து மூலம் கேட்டு, பதிலைக் கோப்பில் வைப்போம்.

75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேவை கிடைக்கும் இடத்தில் சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க விதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே சமவெளியிலிருந்து வண்டி அனுப்பும் பொது நிலையத்துடன் ஒப்பந்தம் செய்வதே வழி. அந்த ஒப்பந்தத்தின் நகல் இல்லாமல் வாரிய விண்ணப்பமும் 6.3இல் வரும் பதிவு விண்ணப்பமும் நகராது. வாரத்தில் எத்தனை நாள் வண்டி வரும், மலைப்பாதை அடைபட்டால் கோத்தகிரி வழியாக வருமா, வராத நாளுக்கும் கட்டணம் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒப்பந்தத்திலேயே விடை இருக்க வேண்டும்.

ரத்தக்கறை படிந்த பஞ்சு முதலிய கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. வடகிழக்குப் பருவமழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை மூடப்படுவது புதிய செய்தியன்று. அத்தகைய நாள்களில் கழிவினால் தீங்கு நேராதபடி பாதுகாத்து, தாமதத்தின் காரணத்தை உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க விதியிலேயே இடம் உள்ளது. அதற்கான கடிதத்தின் மாதிரி முன்கூட்டியே தயாரிக்கப்பட்டு, தேதி மட்டும் எழுதி அனுப்பும் வகையில் கோப்பில் இருக்கும்.

கட்டடத்தின் அமைப்பும் இங்கே கணக்கில் வருகிறது. சாலையிலிருந்து வாசலுக்குப் படிக்கட்டு மட்டுமே இருப்பதால் வண்டி மேலே வராது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நான்கு வகைக் கழிவும் பார்கோடு ஒட்டி, தொங்கு தராசில் எடை போட்டு, பதிவேட்டில் எழுதிய பின்னரே, மூடியிட்ட வாளிகளில் கீழே இறக்கப்படும். ஊசிகள் துளைபடாத வெள்ளைக் கலனில் செல்லும். மழையில் வழுக்கும் படி என்பதால் இரு கையாலும் தூக்கும் பெரிய வாளிக்குப் பதில், ஒரு கை கைப்பிடிக் கம்பியைப் பற்றியிருக்கும்படி சிறிய வாளிகள் வாங்கப்படும். மாடிப்படிக்கு அடியில் உள்ள பூட்டும் அறை, தரையில் டைல் ஒட்டிக் காற்றுப்போக்கி பொருத்தப்பட்டபின் கழிவறையாக அன்று, கழிவுச் சேமிப்பு அறையாக மட்டுமே வரைபடத்தில் குறிக்கப்படும்.

பரிசோதனை முடிந்த ரத்த மாதிரிகளும் நுண்ணுயிர்க் கழிவும் ஆட்டோகிளேவில் முன்சுத்தி செய்யப்பட்ட பின்னரே வெளியேறும். கருவிகளிலிருந்து வரும் திரவக் கழிவு கிருமிநீக்கம் செய்யப்படாமல் தொட்டிக்குள் விடப்படாது. சரிவில் கசியும் எந்தத் தொட்டியும் கடைசியில் கீழே உள்ள ஓடையில்தான் சேரும். பணியாளர் அனைவருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள், கழிவு கையாளும் பயிற்சி, ஆண்டு உடற்பரிசோதனை ஆகியவற்றின் பதிவுகள் பணியில் சேரும் நாளிலிருந்தே தொடங்கும்.

பொறுப்பு: இரண்டாம் பங்குதாரர். நிலை: பொது நிலையத்திடம் கட்டண விவரம் கேட்கப்பட்டுள்ளது.

6.3 மருத்துவ நிறுவனப் பதிவு

தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் 2018ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும்; 2010ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இங்கு ஏற்கப்படவில்லை. பிற மாநில மாதிரிகளைப் பார்த்துத் திட்டம் எழுதுவோர் இவ்விடத்தில்தான் தடுமாறுகிறார்கள். விண்ணப்பம் உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட இணை இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் அலுவலகத்துக்குரியது. பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். சான்றிதழ் வரவேற்பறையில் அனைவரும் காணும் இடத்தில் மாட்டப்படும்.

விண்ணப்பத்துடன் வைப்பதற்கெனக் கட்டட ஆவணங்கள், கழிவு ஒப்பந்தமும் அங்கீகாரமும், தீயணைப்புத் துறைச் சான்று, மருத்துவரின் பட்டமேற்படிப்புச் சான்றிதழும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவும், டெக்னீசியன்களின் சான்றிதழ்கள், கருவிப் பட்டியல், கட்டணப் பட்டியல் ஆகியவை ஒரே கோப்பில் சேர்க்கப்படும். ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்கும் வரிசையில் அவை அடுக்கப்படும்.

ஆய்வறிக்கையில் கையொப்பமிடுவது பற்றி ஐயமில்லை. நோய்க்குறியியலில் பட்டமேற்படிப்பு முடித்த பதிவு பெற்ற மருத்துவரே அறிக்கையில் கையொப்பமிடலாம் என்பது 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய நிலை. ஆகையால் முதல் பங்குதாரர் விடுப்பில் செல்லும் நாள்களுக்கு அதே தகுதியுள்ள மாற்று மருத்துவருடன் எழுத்து ஒப்பந்தம் செய்யப்படும். முன்கூட்டியே கையெழுத்திட்ட வெற்றுத்தாள் என்ற வழக்கம் இவ்வாய்வகத்தில் இருக்காது.

பொறுப்பு: முதல் பங்குதாரர். நிலை: 6.1, 6.2 முடிந்தபின் தாக்கல்.

6.4 நிறுவனம், வரி, தொழிலாளர்

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின்கீழ் நிறுவனப் பதிவு, பான், டான், நடப்புக் கணக்கு, உத்யம் பதிவு ஆகியவை முடிந்துவிட்டன. நகராட்சித் தொழில் உரிமம் பயன்பாட்டு மாற்றத்துக்குப் பின் பெறப்படும். தொழில்வரி அரையாண்டுக்கு ஒருமுறை நகராட்சியில் செலுத்தப்படும்.

நோயறிதல் சேவைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு உண்டு. 2017 ஜூன் 28ஆம் தேதிய அறிவிக்கை 12/2017 அதற்கு ஆதாரம். விலக்குப் பெற்ற சேவையை மட்டுமே வழங்கும்வரை பதிவு தேவையில்லை. இதன் மறுபக்கம், கருவிக்கும் ரீஏஜென்ட்டுக்கும் நாம் செலுத்தும் வரியைத் திரும்பப் பெற வழியில்லை. செலவு மதிப்பீட்டில் அனைத்து விலைகளும் வரி சேர்த்தே காட்டப்பட்டுள்ளன. பணியாளர் 10 பேரைத் தொட்டால் ஈ.எஸ்.ஐ., 20 பேரைத் தொட்டால் வருங்கால வைப்பு நிதி எனக் கடமைகள் கூடும். பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்கும்.

6.5 தொடர்ந்து செய்ய வேண்டிய அறிவிப்புகள்

காசநோய் உறுதியானால் நிக்‌ஷய் தளத்தில் பதிவது கட்டாயம். காசநோய்க்கான ரத்த ஆன்டிபாடி பரிசோதனை 2012 முதல் தடை செய்யப்பட்டுள்ளதால், மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் அது செய்யப்படாது. டெங்கு முதலிய நோய்களின் முடிவுகள் பொதுச் சுகாதாரத் துறைக்கு அனுப்பப்படும். ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் ஒப்புதல் பெறப்படும். முடிவு வரவேற்பு மேசையில் கொடுக்கப்படாது, வாட்ஸ்அப்பிலும் செல்லாது. இது சிறிய ஊர். உறையின் மேல் எழுதப்படும் ஒரு சொல்லே போதும்.

6.6 இப்போது தேவைப்படாதவை

எக்ஸ்ரே இல்லாததால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டாம். அல்ட்ராசவுண்டும் மரபணுப் பரிசோதனையும் இல்லாததால் 1994ஆம் ஆண்டின் கருவில் பாலினம் கண்டறிதல் தடுப்புச் சட்டத்தின் பதிவும் வேண்டாம். கர்ப்பிணியின் ரத்தத்தில் குரோமோசோம் பார்க்கும் பரிசோதனைக்கு மாதிரி மட்டும் எடுத்து வெளியூர் அனுப்பும்படி பெரிய ஆய்வகங்கள் கேட்கும். அதை ஏற்க மாட்டோம். மருந்தோ கருவியோ விற்பதில்லை என்பதால் விற்பனை உரிமம் இல்லை. ஆனால் வாங்கும் கிட் ஒவ்வொன்றும் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளின்படி உரிமம் பெற்றதா என்பது கொள்முதலின்போது பார்க்கப்படும்.

என்.ஏ.பி.எல். தரச்சான்று கட்டாயமன்று. முதல் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நடத்தும் வெளித் தர மதிப்பீட்டில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 15189:2022 தரத்தை நோக்கி நகர்வோம். அதுவரை அந்த முத்திரை அறிக்கையிலோ பலகையிலோ இடம்பெறாது. கோத்தகிரி மாதிரி சேகரிப்பு மையம் இரண்டாம் ஆண்டுத் திட்டம். அது தனி முகவரி என்பதால் கட்டடத்திலிருந்து கழிவு வரை இப்பட்டியல் மீண்டும் தொடங்கும்.

6.7 வரிசையும் நிபந்தனையும்

ஜனவரியில் அளவெடுப்பும் பயன்பாட்டு மாற்ற விண்ணப்பமும், பிப்ரவரியில் கழிவு ஒப்பந்தமும் வாரிய விண்ணப்பமும், ஏப்ரலில் மருத்துவ நிறுவனப் பதிவு விண்ணப்பமும் தொழில் உரிமமும் எனத் திட்டமிட்டுள்ளோம். மே மாதச் சீசனில் அலுவலகங்களும் சாலைகளும் ஒருசேர நெருக்கடியில் இருக்கும் என்பதால் அம்மாதத்துக்கு எந்தத் தாக்கலும் வைக்கப்படவில்லை. பயன்பாட்டு மாற்ற ஆணையும் கழிவு அங்கீகாரமும் கையில் வரும் வரை அனலைசர்களுக்கான ஆர்டர் உறுதி செய்யப்படாது. வங்கியிடமும் முதல் தவணையை அவ்விரு ஆவணங்களின் நகலைப் பெற்ற பின்னரே விடுவிக்கும்படி எழுதிக் கேட்டுள்ளோம்.