பிறப்பு முதல் 18 வரை: ஒரு பக்க அட்டவணை

வியாழக்கிழமைத் தேர்வுக்காக நம் பி.எட். படிப்புக் குழுவுக்குப் போட்ட தாள் இது. குழந்தை வளர்ச்சியை வயது நிலைகளாகப் பிரித்த இரண்டு உளவியலாளர்களில், முதலில் பியாஜேவுக்கு ஒன்று, எரிக்சனுக்கு ஒன்று என இரண்டு அட்டவணை எழுதினேன். அப்புறம் இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தபோதுதான் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று தெரிந்தது. பியாஜே 2, 7, 11 வயதில் வெட்டுகிறார். எரிக்சன் ஏறத்தாழ 1½, 3, 6, 12 வயதில் வெட்டுகிறார். அதனால் வரிசைகளை எரிக்சனின் வயதுப்படி வைத்து, பியாஜேவின் வயதை அடைப்புக்குறிக்குள் கொடுத்திருக்கிறேன்.

| வயது | பியாஜே | எரிக்சன் | முக்கிய வேலைகள் | எங்கே இடிக்கிறது |
|---|---|---|---|---|
| 0–1½ | புலனியக்க நிலை (0–2) | நம்பிக்கை × அவநம்பிக்கை | பற்றுதல், தவழ்தல், நடை. மறைந்த பொருளும் இருக்கிறது என்று அறிதல் | பொருள் நிலைத்தன்மைக்குப் பியாஜே சொன்ன வயது தாமதம் |
| 1½–3 | முன்செயல்பாட்டு நிலை தொடங்குகிறது (2) | தன்னாட்சி × வெட்கம், ஐயம் | பேச்சு, கழிப்பறைப் பழக்கம், தானாக உண்ணுதல் | ‘தானாகச் செய்வது’ எல்லாப் பண்பாட்டிலும் ஒரே அளவு மதிப்பு பெறுவதில்லை |
| 3–6 | முன்செயல்பாட்டு நிலை (2–7) | தன்முனைப்பு × குற்ற உணர்வு | பாவனை விளையாட்டு, ஓயாத கேள்விகள், விதி பழகுதல் | பிறர் பார்வையில் பார்க்க முடியாத தன்மையப் போக்கு மிகைப்படுத்தப்பட்டது |
| 6–12 | பருப்பொருள் செயல்பாட்டு நிலை (7–11) | உழைப்பு × தாழ்வுணர்வு | எழுத்து, கணக்கு, நட்பு. அளவு மாறாமை, வகைப்படுத்துதல் | திறன்கள் ஒன்றாக வருவதில்லை |
| 12–18 | கருத்தியல் செயல்பாட்டு நிலை (11+) | அடையாளம் × பங்குக் குழப்பம் | கருதுகோள் சிந்தனை. ‘நான் யார்’ என்ற தேடல் | எல்லோரும் எல்லாத் துறையிலும் இதை எட்டுவதில்லை |

கோல்பர்க்கின் ஒழுக்க நிலைகளை அட்டவணையில் சேர்க்கவில்லை. அவை வயதோடு இறுகக் கட்டப்பட்டவை அல்ல. அவருடைய தொடக்க ஆய்வு சிகாகோ பகுதிச் சிறுவர்கள் 72 பேரிடம் நடந்தது. ஒரு சிறுமிகூட இல்லை. 1982-இல் கேரல் கில்லிகன் பிடித்தது இந்த இடத்தைத்தான். ஆனால் பின்னர் வந்த ஆய்வுகளில் மதிப்பெண்ணில் ஆண்–பெண் வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. விடையில் இரண்டையும் எழுதுங்கள்.

இனி அட்டவணையின் கடைசி நெடுவரிசை, ‘எங்கே இடிக்கிறது’. பெரிய வினா வந்தால் மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

மறைத்த பொம்மையைத் தேடாத குழந்தைக்கு அது இருப்பதே தெரியாது என்றார் பியாஜே. தேடுவதற்குக் கை ஒத்துழைக்க வேண்டாமா? ரெனே பையார்ஜான் கையை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்த்தார். 1987-இல் வெளியான ஆய்வில் 3½ முதல் 4½ மாதக் குழந்தைகளில் பலர், நடக்கவே முடியாத காட்சியைக் கூடுதல் நேரம் பார்த்தார்கள். கூடுதலாகப் பார்ப்பது ‘அறிவு’ ஆகுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 1974-இல் மெக்காரிகிளும் டொனால்ட்சனும் செய்த சுட்டிக் கரடி ஆய்வு. இரண்டு வரிசையில் சமமான வில்லைகள். ஆய்வாளர் ஒரு வரிசையை நீட்டிவிட்டு “இப்போதும் சமமா?” என்று கேட்டால், 4 முதல் 6 வயதுக் குழந்தைகளில் சிலரே சரியாகச் சொன்னார்கள். பொம்மைக் கரடி வந்து ‘தெரியாமல்’ கலைத்துவிட்டால் பாதிக்கும் மேற்பட்டோர் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், விடையை மாற்றச் சொல்கிறார் என்றுதான் குழந்தை நினைக்கும். வகுப்பில் “நல்லா யோசிச்சுச் சொல்லு” என்றதும் சரியான விடையை மாற்றிச் சொல்லும் பிள்ளைகளை நாம் பார்க்காததா!

அடுத்தது, நிலை என்ற சொல்லுக்கே விழும் அடி. தோற்றம் மாறினாலும் அளவு மாறாது என்ற அளவு மாறாமையை எண்ணில் 6–7 வயதில் புரிந்துகொள்ளும் பிள்ளை, எடையில் 9–10, கன அளவில் 11–12 வயதில்தான் புரிந்துகொள்கிறது. பியாஜேவுக்கு இது தெரியும், பெயரும் வைத்தார். பெயர் வைத்துவிட்டால் விளக்கியதாகுமா? ஒரே நிலைக்குள் ஐந்தாண்டு இடைவெளி என்றால், படிக்கட்டைவிடச் சரிவுப் பாதை என்பதே பொருத்தம். சீக்லர் அலைகள் என்றார்: பழைய உத்தியும் புதிய உத்தியும் சில காலம் சேர்ந்தே ஓடும்.

பண்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். பிரேசிலின் ரெசிஃபே நகரில் 9 முதல் 15 வயதுத் தெருவியாபாரப் பிள்ளைகள் ஐவரை ஆராய்ந்து 1985-இல் ஒரு கட்டுரை வந்தது. கடையில் கேட்ட கணக்கில் 98% சரி. அதே மாதிரிக் கணக்கைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தால் 37%. எண்ணிக்கை ஐந்துதான், கவனம். ஆனாலும் இந்தப் பிள்ளை எந்த ‘நிலை’யில் இருக்கிறது என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

வயதுகள் தோராயம், வரிசைதான் மாறாது என்று பியாஜேவே சொல்லியிருக்கிறார். அதை எழுதாமல் “பியாஜே தவறு” என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் குறையும். எரிக்சன் மீதான குறையை ஒரே வரியில் முடிக்கலாம்: சோதித்துப் பார்க்க முடியாத அளவுக்கு அவருடைய கருத்துகள் அகலம். அட்டவணையைப் புதன்கிழமை இரவு பார்க்காமல் ஒருமுறை எழுதிப் பாருங்கள். 6–12 வரிசையில்தான் எல்லோரும் தடுமாறுவோம்.