காத்திருப்பு, தவறான ரசீது குறித்த புகார்

மதுரை
14.11.2024

பெறுநர்
நிர்வாக மேலாளர் அவர்கள்

ஐயா,

பொருள்: 12.11.2024 அன்று நேர்ந்த தாமதமும் ரசீதில் உள்ள பிழையும். நோயாளி பதிவு எண் 2817.

எனக்கு வயது 63. ஐந்து வருடமாகத் தங்கள் மருத்துவமனையில்தான் சர்க்கரைக்குப் பார்த்து வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலை 7.15-க்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுத்தேன். அதுவரை ஒரு குறையும் இல்லை.

டாக்டரைப் பார்க்க எனக்குக் கொடுத்த நேரம் 10.30, டோக்கன் 9. உள்ளே கூப்பிட்டது 1.40-க்கு. 11 மணிக்குக் கேட்டபோது டாக்டர் ரவுண்ட்ஸில் இருக்கிறார் என்றார்கள். 12 மணிக்கு அவசர கேஸ் என்றார்கள். 12.45-க்கு வேறொரு பெண், "டாக்டர் இன்னும் வரவே இல்லையே" என்றார். மூன்றில் எது உண்மை என்று இன்றுவரை தெரியவில்லை. டோக்கன் 12, 14 எனக்கு முன்னால் உள்ளே போனதையும் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரை என்னிடம் இருந்தது. ஆனால் எந்த நிமிடமும் கூப்பிடலாம் என்ற பயத்தில் சாப்பிடப் போக முடியவில்லை. ஒரு மணிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கொடுத்த பிஸ்கட்டால்தான் சமாளித்தேன். "இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும், சாப்பிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி இருந்திருக்காது.

டாக்டர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பொறுமையாகத்தான் பார்த்தார்.

ரசீது 1,510 ரூபாய்க்கு வந்தது. ஆலோசனை 500, சர்க்கரைப் பரிசோதனை 160, மூன்று மாத சராசரி 450. இவை சரி. கூடவே ஈ.சி.ஜி. 300, புதுப் பதிவு 100 என்றும் இருந்தது. எனக்கு அன்று யாரும் ஈ.சி.ஜி. எடுக்கவில்லை. பழைய அட்டையைக் காட்டித்தான் டோக்கனே வாங்கினேன். கேட்டதற்கு, "சிஸ்டத்தில் ஏறிடுச்சு சார், அடுத்த தடவை கழிச்சுக்கலாம்" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. பின்னால் வரிசை நின்றதால் யு.பி.ஐ.-யில் முழுத்தொகையையும் கட்டிவிட்டு வந்தேன்.

400 ரூபாய் மட்டும் பிரச்சினை இல்லை. எடுக்காத ஈ.சி.ஜி. என் கோப்பில் எடுத்ததாகப் பதிந்திருந்தால், நாளை நெஞ்சுவலி என்று வரும்போது பழையதோடு ஒப்பிடத் தேடுவார்கள். இல்லாததை எங்கே தேடுவது?

ஆகவே 400 ரூபாயை நான் பணம் கட்டிய கணக்குக்கே திருப்பி அனுப்பி, திருத்திய ரசீது தர வேண்டும். கோப்பிலும் அந்தப் பதிவை நீக்க வேண்டும். அன்றைய தாமதத்துக்கும் டோக்கன் வரிசை மாறியதற்கும் உண்மையான காரணத்தை எழுத்தில் சொல்லுங்கள். அடுத்த முறை கழித்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவேன், தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். அது வரை போகவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மாதாமாதம் அங்கேதானே வர வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பதிவு எண் 2817 நோயாளி

இணைப்பு: ரசீது, டோக்கன் சீட்டு, பணம் செலுத்திய விவரம் ஆகியவற்றின் நகல்கள்