காலிங் பெல் வேலை செய்யாது

பக்கத்து வீட்டுக்கு ஆள் வரப்போகிறார்கள் என்று அம்மா சொன்ன அன்று மாலையே முகிலன் பேச்சு எழுத உட்கார்ந்துவிட்டான்.

பேச்சு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஐந்தே வரிகள். ஆனால் அந்த ஐந்து வரிக்கு நோட்டில் நான்கு பக்கம் கிழிந்தது. கடைசியில் தேறியது இதுதான்:

வணக்கம், என் பெயர் முகிலன்.
நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன்.
தங்கள் வருகை எங்களுக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கிறது.
உதவி ஏதேனும் தேவைப்பட்டால் எங்கள் வீட்டுக்குத் தயங்காமல் வாருங்கள்.
எங்கள் வீட்டுக் காலிங் பெல் வேலை செய்யாது, அதனால் கதவைத் தட்டுங்கள்.

"மூணாவது வரி என்னடா, ஆண்டு விழா மாதிரி இருக்கு?" என்றாள் அம்மா. ஆண்டு விழாவில் கேட்டதுதான். அந்த வரி இல்லாவிட்டால் வரவேற்பே இல்லை என்று அவன் நினைத்தான். அவனுக்குப் பிடித்த வரியும் அதுவே.

அப்புறம் பயிற்சி தொடங்கியது. கண்ணாடி முன்னால் ஒரு தடவை, பீரோ முன்னால் ஒரு தடவை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தடவை. நாலு வயதுத் தங்கை யாழினியை நாற்காலியில் உட்கார வைத்து, "நீதான் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, அசையாம கேளு" என்றான். அவளும் விரல் சூப்பிக்கொண்டு அசையாமல் கேட்டாள். இரவு விளக்கை அணைத்த பிறகும் கேட்டாள். வேறு வழி?

சனிக்கிழமை காலை லாரி வந்தது. சாமான் எல்லாம் இறங்கி முடியும்வரை காத்திருந்து, தலையைச் சீவிக்கொண்டு முகிலன் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனான். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு அம்மாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தார்.

"யாருப்பா?"

முகிலன் வாயைத் திறந்தான். வணக்கம் என்று தொடங்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வணக்கமே வரவில்லை. சரி, இரண்டாவது வரியில் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தான். எத்தனையாம் வகுப்பு என்பதே சந்தேகமாகிவிட்டது. பெருமகிழ்ச்சி மட்டும் தொண்டைவரை வந்து அங்கேயே நின்றது. காது சுட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"தண்ணி வேணுமா தம்பி?" என்றார் அந்த அம்மாள், கொஞ்சம் பயந்துபோய்.

அப்போதுதான் அவன் கண்ணில் அது பட்டது.

"பெட்டி தலைகீழா இருக்கு" என்றான்.

"என்னது?"

"அந்தப் பெட்டி. அம்புக்குறி கீழ பாக்குது."

அவர் திரும்பிப் பார்த்தார். மேலே பார்க்க வேண்டிய அம்புக்குறி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கண்ணாடிக் கோப்பைப் படம் வேறு. "ஐயய்யோ, ஜாடி எல்லாம் அதுலதான்!" என்று ஓடினார். அவன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடித்து மெதுவாகத் திருப்பினார்கள். பிரித்துப் பார்த்தால் எதுவும் உடையவில்லை. ஒன்றின் மூடி மட்டும் கழன்றிருந்தது.

அதற்கப்புறம் அவன் கிளம்பவே இல்லை. ஒவ்வொரு பெட்டியாகச் சுற்றிவந்து அம்புக்குறி பார்த்தான், டேப்பை உரித்தான், காகிதச் சுருளை எல்லாம் ஒரு மூலையில் குவித்தான். மதியம் அம்மா கூப்பிட்ட குரலுக்குத்தான் வீட்டுக்கு ஓடினான். பெயரைக்கூடச் சொல்லாமல் வந்துவிட்டோம் என்பது சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்த நிமிஷம் பார்த்து ஐந்து வரியும் வரிசையாக, ஒரு எழுத்துப் பிசகாமல் மனதில் வந்து நின்றன. அவனுக்கு அழுகையே வந்தது.

மறுநாள் காலை அப்பா பேப்பர் எடுக்கக் கதவைத் திறந்தார். வெளியே பக்கத்து வீட்டு அம்மாள், விரல் காலிங் பெல் மேலேயே இருந்தது.

"ரொம்ப நேரமா அடிக்கிறேன், யாருமே வரலை. ஊருக்குப் போயிட்டீங்களோன்னு நினைச்சேன். நேத்து ஒரு தம்பி வந்து அவ்வளவு உதவி பண்ணிச்சு, பேர்கூடக் கேக்கலை..."

முகிலன் அப்பாவின் பின்னால் வந்து நின்றான். இதோ, இரண்டாவது வாய்ப்பு. மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான். மறுபடியும் காலி.

அவன் இடுப்புக்குக் கீழிருந்து ஒரு குரல் கிளம்பியது. விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, யாழினி நின்றிருந்தாள்.

"வணக்கம், என் பெயர் முகிலன். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். தங்கள் வருகை எங்களுக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கிறது..."

எங்கும் நிறுத்தவில்லை. காலிங் பெல்வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் மறுபடி விரலை வாயில் வைத்தாள்.

அந்த அம்மாள் பெல்லிலிருந்து விரலை எடுத்தார். குனிந்து அவள் உயரத்துக்கு வந்தார்.

"ரொம்ப நன்றி முகிலா" என்றார். "அஞ்சாவது படிக்கிற பையன் இவ்வளவு குட்டியா இருப்பான்னு நான் நினைக்கவே இல்லை."

"நான்தான் முகிலன்!" என்று கத்தினான் முகிலன்.