கடை திறந்து ஒரு மாதம்: நன்றி, இனி மனசில் உள்ளதைச் சொல்லுங்கள்

வணக்கம் அக்கா, அண்ணா, அத்தை, மாமா,

(எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சல்தான் போகிறது. உங்களுக்குப் பொருந்தும் முறையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.)

‘லயத்து அடுப்பு’ ஆன்லைன் கடை திறந்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு விமர்சனம்கூட இல்லாத கடையில், வாசனை பார்க்காமல், படத்தை மட்டும் பார்த்துக் கறித்தூளுக்குப் பணம் கட்டியவர்கள் நீங்கள். சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பார்கள். அந்த வசதி இல்லாமலே நீங்கள் நம்பினீர்கள். அம்மா சார்பிலும் என் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

ஈப்போ, கோலகங்சார் ஆர்டர்களை எதிர்பார்த்தோம். கிள்ளானிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் வந்தவைதான் ஆச்சரியம். ஆர்டரின் குறிப்புப் பெட்டியில் சிலர், “நானும் இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன்தான்”, “எங்க பாட்டி வீட்டு மீன் குழம்பு மாதிரி இருந்தா மறுபடியும் வாங்குவேன்” என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அவற்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டியோடு போட்டியா என்று அம்மாவுக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

இப்போது உங்களிடம் ஓர் உதவி கேட்கிறோம். இந்த மின்னஞ்சலுக்கே பதில் போட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கருத்து சொன்னால் வவுச்சர், தள்ளுபடி என்று எதுவும் கிடையாது. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. பரிசு கொடுத்துக் கேட்டால் பாராட்டுதான் வரும், அதை வைத்து எதையும் திருத்த முடியாது. நட்சத்திரமும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் எங்கள் சாமானைப் பற்றி என்ன சொல்வீர்களோ அதையே எங்களுக்கு எழுதுங்கள். மலாய், ஆங்கிலம், தமிழ், மூன்றும் கலந்தது, எதுவானாலும் சரி. வாட்சாப் பாணியில் ஒரு வரி போதும்.

எங்களுக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது கறித்தூள் பற்றி. மீன் கறித்தூளில் அம்மா வெந்தயத்தைத் தூக்கலாகப் போடுவார், இறைச்சிக் கறித்தூளில் சோம்பும் பட்டையும் முன்னால் நிற்கும். இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? இருந்தால் குழம்பு எப்படி வந்தது? காரம் எப்படி? ஒருவர் பிள்ளைகள் தொடவில்லை என்கிறார், இன்னொருவர் காய்ந்த மிளகாய் தனியாகக் கிள்ளிப் போட வேண்டியிருந்தது என்கிறார். காரம் குறைந்தது, கூடியது என்று இரண்டு வகை போடலாமா என்று யோசிக்கிறோம். ஆனால் வகை கூடினால் ஒவ்வொன்றையும் கொஞ்சமாக அரைக்க வேண்டும், விலை சற்று ஏறும். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

முறுக்கு கையில் வந்தபோது மொறுமொறுப்பாக இருந்ததா, நமத்துப் போயிருந்ததா? நம் ஊர் ஈரக்காற்றில் வாய் திறந்த பாக்கெட் ஒரு ராத்திரி தாங்காது. எத்தனை நாளில் சாப்பிட்டு முடித்தீர்கள் என்றும் எழுதினால் 200 கிராம் பாக்கெட் சரியா, சின்னதாக வேண்டுமா என்று புரியும்.

ஊறுகாய்க்குக் கண்ணாடி போத்தல்தான் நல்லது என்பது அம்மாவின் கட்சி. நான் பை கட்சி. போத்தல் கனம், கூரியர் கட்டணம் எடையைப் பார்த்துத்தான் ஏறுகிறது. சபா, சரவாக்கில் இருப்பவர்களுக்கு அது இன்னும் உறுத்தும். வீட்டுச் சண்டையை நீங்கள்தான் தீர்த்து வைக்க வேண்டும்.

லேபிளைப் பற்றியும் ஒரு கேள்வி. 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி இங்கே தயாராகும் உணவுக்கு மலாய் லேபிள் கட்டாயம், பக்கத்தில் வேறு மொழியும் சேர்க்கலாம். தமிழில் பெரிய எழுத்தில் போட்டால் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு உதவுமா, அல்லது சமைக்கிறவர்கள் எப்படியும் நிறத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்களா?

இணையப் பக்கத்தில் எங்கே தடுமாறினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். குறிப்பாக, அம்மா அப்பாவுக்காகப் பிள்ளைகள் ஆர்டர் செய்தபோது இரண்டு முகவரி எழுத வசதியாக இருந்ததா? பணம் கட்டும் இடத்தில் பாதியில் விட்டுப் போனவர்கள், ஏன் என்று ஒரு வார்த்தை எழுதினால் பெரிய உபகாரம்.

நீங்கள் எழுதுவதை உங்கள் அனுமதி இல்லாமல் எங்கும் போட மாட்டோம். கறாரான வார்த்தைகளை அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன், சுகர்கோட்டிங் செய்ய மாட்டேன். இரண்டு வாரத்துக்குள் எழுதினால் நல்லது. தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு அரைக்கத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் படித்துவிட வேண்டும், அதன்பிறகு அம்மா யார் பேச்சையும் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார்.

அன்புடன்,
கோமதியும் அம்மாவும்
லயத்து அடுப்பு, சுங்கை சிப்புட், பேராக்