பொருள்: 120 குத்துவிளக்குகளுக்கான ரீஃபண்ட் 2,220 டாலர் – தாமதம், புதிய தேதி 22 ஜனவரி வியாழன்

சென்னை, 19 ஜனவரி 2026, திங்கள் மாலை

வணக்கம் செல்வராணி அம்மா,

16-ஆம் தேதி வெள்ளிக்கிழமை உங்கள் சிங்கப்பூர் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டிய 2,220 அமெரிக்க டாலர் இன்னும் வந்து சேரவில்லை. மன்னிக்க வேண்டும். இன்று பிற்பகல் எங்கள் வங்கி பணத்தை அனுப்பிவிட்டது. வரும் 22-ஆம் தேதி வியாழக்கிழமை, உங்கள் நேரம் மாலை 5 மணிக்குள் கணக்கில் இருக்கும்.

தொகையில் மாற்றம் இல்லை. 600 விளக்குக்கு அட்வான்ஸ் வாங்கினோம், 480 அனுப்பினோம். மீதி 120, ஒன்று 18.50 டாலர் வீதம் 2,220.

நடந்தது இது. 13-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஏ2 படிவம், உங்கள் இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், ரீஃபண்டுக்கான கடிதம் எல்லாவற்றையும் வங்கியில் கொடுத்தோம். ஏற்றுமதிக்காக வந்த அட்வான்ஸைத் திருப்பி அனுப்பும்போது, அது முதலில் எந்தத் தேதியில் எந்த எண்ணில் உள்ளே வந்ததோ அந்த வரவோடு வங்கி பொருத்திப் பார்க்கும். நீங்கள் நவம்பரிலும் டிசம்பரிலும் இரண்டு தவணையாக 5,550, 5,550 அனுப்பியிருந்தீர்கள். நாங்கள் டிசம்பர் வரவின் சான்றை மட்டும் வைத்திருந்தோம். இரண்டும் வேண்டும் என்று போகியன்று மதியம் வங்கி கேட்டது. கொடுத்தோம்; ஆனால் அந்நிய நாட்டுப் பணம் அனுப்பும் அன்றைய நேரம் அதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்து நான்கு நாளும் இங்கே வங்கி இல்லை. 15 பொங்கல், 16 திருவள்ளுவர் தினம், 17 உழவர் திருநாள், 18 ஞாயிறு. உங்கள் ஊரில் 15, 16 இரண்டும் வேலை நாட்கள் என்பதால், நாங்கள் பதிலே சொல்லாமல் இருந்தது போலத் தெரிந்திருக்கும். 14-ஆம் தேதி மாலையே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: 16-ஐத் தேதியாகக் கொடுத்தது நாங்கள்தான். பொங்கல் லீவு எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதற்குப் போய் வங்கியைக் குறை சொல்ல முடியாது.

இன்று அனுப்பியும் நாளையே வராததற்குக் காரணம் டாலர். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போனாலும் டாலர் நியூயார்க்கில் உள்ள இடை வங்கி வழியாகத்தான் போகும். ஜனவரி மூன்றாம் திங்களான இன்று அங்கே மார்ட்டின் லூதர் கிங் தினம், வங்கி விடுமுறை. அதனால் 20-ஆம் தேதியிட்டுத்தான் அங்கே கணக்கில் ஏறும். நியூயார்க்கில் காலை வேலை தொடங்கும்போது உங்களுக்கு இரவு பத்து மணி ஆகிவிடும். ஆகவே 21 புதன்கிழமையே வரக்கூடும். உங்கள் வங்கி சரிபார்க்க ஒரு நாள் எடுத்தால் 22. நான் 22 என்று எழுதியது அந்த ஒரு நாளையும் சேர்த்துத்தான்.

ஸ்விஃப்ட் காப்பியை நாளை காலை 11 மணிக்குள் அனுப்புகிறேன். அதில் UETR என்று 36 எழுத்துகள் கொண்ட ஓர் எண் இருக்கும். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று உங்கள் வங்கியில் கேட்க அந்த எண் போதும், எங்கள் ரெஃபரன்ஸ் எண் அங்கே உதவாது. பர்ப்பஸ் கோடு S1501, அதாவது ஏற்றுமதி ரீஃபண்ட். உங்கள் வங்கி எதற்கான பணம் என்று கேட்டால் இதையும் இன்வாய்ஸையும் காட்டலாம்.

கட்டணம் OUR என்று போட்டிருக்கிறோம், வழியில் ஆகும் செலவு எங்களுடையது. அப்படியும் சில வங்கிகள் வரவு வைக்கும்போது தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வதுண்டு. 2,220-க்கு ஒரு டாலர் குறைந்திருந்தாலும் வரவுச் சீட்டின் படத்தை அனுப்புங்கள், மார்ச் ஆர்டரின் இன்வாய்ஸில் கழித்துவிடுகிறோம்.

22 மாலை வரை வரவில்லை என்றால் அன்று இரவே எனக்கு ஒரு செய்தி போடுங்கள். வெள்ளி 23 காலை வங்கி திறந்ததும் தேடல் கோரிக்கை கொடுத்துவிடுவேன். அந்த நாளைத் தவறவிடக் கூடாது. 24 நான்காம் சனி, 25 ஞாயிறு, 26 குடியரசு தினம் என்று மறுபடி மூன்று நாள் இங்கே வங்கி மூடியிருக்கும்.

உங்கள் பக்கம் புதிதாக எந்தப் படிவமும் வேண்டாம். பணம் போயிருப்பது நவம்பரில் நீங்கள் கொடுத்த, 4471 என்று முடியும் அதே கணக்குக்குத்தான்.

பொங்கல் வாழ்த்துகள், தாமதமாக.

முருகானந்தம்
கணக்குப் பிரிவு, பாரிமுனை, சென்னை