உறையூர் வீட்டின் முதல் மாடிக் கட்டுமானம்: பணிக்கால அட்டவணை

திட்டத் தொடக்கம்: 19-01-2026, திங்கள்கிழமை
இலக்கு நாள்: 10-06-2026, புதன்கிழமை
பரப்பு: 850 சதுர அடி (ஹால், இரண்டு படுக்கையறைகள், சமையலறை, இரண்டு குளியலறைகள்)
பெறுவோர்: வீட்டு உரிமையாளர், தலைமை மேஸ்திரி, சென்ட்ரிங் ஒப்பந்தக்காரர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர், பெயிண்டர்
தயாரித்தவர்: பணி மேற்பார்வைப் பொறியாளர்

ஜூன் நடுவில் ஆனி பிறந்துவிடும் என்பதால், வைகாசி முடிவதற்குள் கிரகப்பிரவேசம் நடந்தாக வேண்டும் என்று உரிமையாளர் குடும்பத்தினர் தெரிவித்துள்ளனர். அதை மனத்தில் கொண்டே இலக்கு நாள் குறிக்கப்பட்டுள்ளது. கீழுள்ள அட்டவணையில் முடிவுத் தேதி எதுவும் கையால் எழுதப்பட்டதன்று. தொடக்கத் தேதியும் நாள்களின் எண்ணிக்கையும் வேலையின் வகையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

வகை என்ற நெடுவரிசையில் ‘வே’ என்றிருந்தால் ஆட்கள் வந்து செய்யும் வேலை நாள்கள் என்று பொருள். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் கணக்கில் வாரா. ‘நா’ என்றிருந்தால் தொடர் நாள்கள் என்று பொருள். கான்கிரீட்டும் பூச்சும் இறுகுவதற்கு ஞாயிறு, திங்கள் என்ற வேறுபாடு இல்லாததால் எல்லா நாளும் எண்ணப்படும்.

| எண் | பணி | முந்தைய பணி | வகை | நாள்கள் | தொடக்கம் | முடிவு |
|---|---|---|---|---|---|---|
| 1 | கைப்பிடிச் சுவர் இடித்தல், பில்லர் குறித்தல் | – | வே | 4 | 19-01-2026 | 22-01-2026 |
| 2 | பில்லர் கம்பி, பெட்டி அடைத்தல், கான்கிரீட் | 1 | வே | 6 | 23-01-2026 | 30-01-2026 |
| 3 | நிலை வைத்தல், லிண்டல் மட்டம் வரை செங்கல் சுவர் | 2 | வே | 10 | 31-01-2026 | 11-02-2026 |
| 4 | லிண்டல், சன்ஷேடு | 3 | வே | 5 | 12-02-2026 | 17-02-2026 |
| 5 | லிண்டலுக்கு மேல் சுவர் | 4 | வே | 4 | 18-02-2026 | 21-02-2026 |
| 6 | ரூஃப் சென்ட்ரிங், கம்பி கட்டுதல், மின்குழாய் பதித்தல் | 5 | வே | 9 | 23-02-2026 | 04-03-2026 |
| 7 | ரூஃப் கான்கிரீட் | 6 | வே | 1 | 05-03-2026 | 05-03-2026 |
| 8 | ரூஃபில் தண்ணீர் கட்டுதல் | 7 | நா | 14 | 06-03-2026 | 19-03-2026 |
| 9 | சென்ட்ரிங் பிரித்தல் | 8 | வே | 2 | 20-03-2026 | 21-03-2026 |
| 10 | சுவரில் காடி வெட்டி மின்குழாய், தண்ணீர்க் குழாய் பதித்தல் | 9 | வே | 6 | 23-03-2026 | 28-03-2026 |
| 11 | உட்பூச்சு | 10 | வே | 14 | 30-03-2026 | 15-04-2026 |
| 12 | வெளிப்பூச்சு | 9 | வே | 10 | 23-03-2026 | 02-04-2026 |
| 13 | உட்பூச்சை நனைத்தல் | 11 | நா | 7 | 16-04-2026 | 22-04-2026 |
| 14 | மொட்டை மாடியில் தட்டோடு | 12 | வே | 6 | 03-04-2026 | 09-04-2026 |
| 15 | தரை, குளியலறை டைல்ஸ் | 13 | வே | 12 | 23-04-2026 | 07-05-2026 |
| 16 | கதவு, ஜன்னல் பொருத்துதல் | 15 | வே | 5 | 08-05-2026 | 13-05-2026 |
| 17 | பட்டி பார்த்தல், பெயிண்ட் | 14, 16 | வே | 12 | 14-05-2026 | 27-05-2026 |
| 18 | ஸ்விட்ச், விளக்கு, குழாய்ப் பொருத்துகள் | 17 | வே | 4 | 28-05-2026 | 01-06-2026 |
| 19 | இறுதிச் சுத்தம், ஒப்படைப்பு | 18 | வே | 2 | 02-06-2026 | 03-06-2026 |

விடுமுறைத் தாளில் இப்போது உள்ள நாள்கள்: 26-01-2026 (குடியரசு நாள்), 14-04-2026 (தமிழ்ப் புத்தாண்டு), 01-05-2026 (மே நாள்). சட்டமன்றத் தேர்தலின் வாக்குப்பதிவு நாளும் சமயபுரம் சித்திரைத் தேர் நாளும் உறுதியானதும் அதே தாளில் சேர்க்கப்படும். தேர் நாளன்று திருச்சியில் ஆள் கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடுவது வீண் என்பது மேஸ்திரிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

வாரப் பட்டை

முதல் கட்டம் 19-01-2026 அன்று தொடங்கும் வாரம். இருபதாவது கட்டம் 01-06-2026 அன்று தொடங்கும் வாரம். ஒரு வாரத்தில் ஒரே ஒரு நாள் வேலை நடந்தாலும் அந்தக் கட்டம் நிரப்பப்படும்.

```
01 ■···················
02 ■■··················
03 ·■■■················
04 ···■■···············
05 ····■···············
06 ·····■■·············
07 ······■·············
08 ······■■■···········
09 ········■···········
10 ·········■··········
11 ··········■■■·······
12 ·········■■·········
13 ············■■······
14 ··········■■········
15 ·············■■■····
16 ···············■■···
17 ················■■■·
18 ··················■■
19 ···················■
```

சூத்திரங்கள்

கோப்பில் முதல் பணி 5-ஆம் வரிசையில் உள்ளது. A முதல் G வரையுள்ள நெடுவரிசைகள் மேலுள்ள அட்டவணையின் அதே வரிசைமுறையில் அமைந்துள்ளன. திட்டத் தொடக்க நாள் B2 கட்டத்திலும், இலக்கு நாள் E2 கட்டத்திலும் உள்ளன. முடிவுத் தேதிக்கான சூத்திரம் G5-இல் எழுதப்பட்டு, G23 வரை இழுக்கப்பட்டுள்ளது.

```
=IF($D5="நா",$F5+$E5-1,
 WORKDAY.INTL($F5-1,$E5,11,'விடுமுறை'!$A$2:$A$20))
```

இதில் உள்ள 11 என்ற எண், வார விடுமுறை ஞாயிறு மட்டுமே என்பதைக் குறிக்கிறது. அதை எழுதாமல் விட்டால் சனிக்கிழமையும் விடுமுறையாகக் கொள்ளப்பட்டு, ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் வீணாகும். தொடக்கத் தேதியிலிருந்து ஒன்றைக் கழித்திருப்பது, தொடங்கும் நாளையும் வேலை நாளாக எண்ணுவதற்காக. 2-ஆம் பணியைப் பார்த்தால் இது விளங்கும்: 23-ஆம் தேதியிலிருந்து ஆறு நாள்களை விரல்விட்டு எண்ணினால் 28-ஆம் தேதி வருகிறது; ஆனால் 25 ஞாயிறு, 26 குடியரசு நாள் என்பதால் சூத்திரம் 30-ஆம் தேதியைத் தருகிறது.

முதல் பணியின் தொடக்கம் B2-இலிருந்து வருகிறது. மற்றவற்றின் தொடக்கம் முந்தைய பணியின் முடிவிலிருந்து வருகிறது. 2-ஆம் பணிக்கு F6-இல் உள்ளது இது:

```
=IF($D6="நா",G5+1,
 WORKDAY.INTL(G5,1,11,'விடுமுறை'!$A$2:$A$20))
```

ஒவ்வொரு வரிசையிலும் G5 இருக்கும் இடத்தில் அந்தந்த முந்தைய பணியின் முடிவுக் கட்டம் இடப்பட்டுள்ளது. ஆகவே தொடக்கச் சூத்திரத்தை மேலிருந்து கீழே இழுத்து நிரப்பக் கூடாது. அப்படிச் செய்தால், சென்ட்ரிங் பிரித்ததும் தொடங்க வேண்டிய வெளிப்பூச்சு, உட்பூச்சு முடியும்வரை காத்திருக்கும். பெயிண்ட் வேலை இரண்டு பணிகளுக்குப் பிறகு வருவதால், F21-இல் `MAX(G18,G20)` என்று இரண்டில் பிந்தியதை எடுக்கிறோம்.

வாரப் பட்டைக்கான திங்கட்கிழமைத் தேதிகள் H4 முதல் AA4 வரை உள்ளன. H5-இல் எழுதி மற்ற கட்டங்களுக்கு நகலெடுக்கப்பட்ட சூத்திரம்:

```
=IF(AND($F5<=H$4+6,$G5>=H$4),"■","")
```

மிச்ச நாள்கள் G2 கட்டத்தில் `=E2-MAX(G5:G23)` என்று கணக்கிடப்படுகின்றன. இன்றைய கணக்கில் அது 7. இந்த எண் 3-க்குக் கீழே இறங்கினால் கட்டம் சிவப்பாக மாறும். அன்றே தொலைபேசியில் எல்லாரும் கலந்து பேச வேண்டும்.

குறைக்கக் கூடாத நாள்கள்

வேலை பிந்தும்போது முதலில் கை வைக்கத் தோன்றும் இடம் 8-ஆம் பணிதான். ஆள் கூலி இல்லாமல் பதினான்கு நாள் சும்மா கிடப்பது போல அது தோற்றமளிக்கிறது. அந்த எண்ணை மாற்ற யாருக்கும், உரிமையாளருக்கும்கூட, அனுமதி இல்லை. சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000, 6 மீட்டர் வரையிலான பீம்களின் முட்டுகளைக் குறைந்தது 14 நாள்கள் வைத்திருக்கச் சொல்கிறது. 6 மீட்டருக்கு மேற்பட்டால் 21 நாள்கள். நம் ஹால் பீமின் நீளம் 5.2 மீட்டர் என்பதால் 14 போதும். வெயிலும் வறட்சியும் உள்ள காலத்தில் கான்கிரீட்டை 10 நாள்களுக்குக் குறையாமல் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்றும் அதே தரநிலை கூறுகிறது. மார்ச் மாதத் திருச்சி வெயிலில், முட்டு நிற்கும் 14 நாள்களும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதே சரி. மார்ச் 8, 15 ஆகிய இரு ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆட்கள் வரமாட்டார்கள் என்பதால், அந்நாள்களில் தண்ணீர் விடும் பொறுப்பை உரிமையாளர் குடும்பத்தினர் ஏற்றுள்ளனர். பில்லர்களையும் சுவர்களையும் நனைப்பது அடுத்த வேலையோடு சேர்ந்தே நடப்பதால் அதற்குத் தனி வரிசை இல்லை. அதற்காக அதை மறந்துவிடலாகாது.

தளர்வு உள்ள பணிகள் இரண்டே: வெளிப்பூச்சும் தட்டோடும். தட்டோடு ஏப்ரல் 9-இல் முடிகிறது. பெயிண்ட் வேலையோ மே 14-இல்தான் தொடங்குகிறது. எனவே இந்த இரண்டும் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் பிந்தினாலும் ஒப்படைப்பு நாள் அசையாது. இருந்தும் கோடை மழை எதிர்பாராமல் பெய்யக்கூடும் என்பதால், இந்தத் தளர்வை முழுவதும் செலவழிக்க நான் உடன்படமாட்டேன். உட்பூச்சுக்குக் கொத்தனார் போதவில்லை என்றால் மட்டும் வெளிப்பூச்சுக் குழுவிலிருந்து ஆட்களை உள்ளே மாற்றிக்கொள்ளலாம். மற்ற பதினேழு பணிகளில் எது ஒரு நாள் பிந்தினாலும் அது ஒப்படைப்பு நாளைத் தள்ளக்கூடும்.

விடுமுறை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சோதித்துப் பார்த்தாயிற்று. ஏப்ரல் 8 அன்று ஒரு விடுமுறை சேர்ந்தால் உட்பூச்சு 16-ஆம் தேதி முடிந்து, ஒப்படைப்பு ஜூன் 4-க்குப் போகிறது. அதே விடுமுறை ஏப்ரல் 16 முதல் 22 வரை, பூச்சை நனைக்கும் நாள்களுக்குள் வந்தால் ஒப்படைப்பு நாள் மாறுவதில்லை. அன்றைக்குத் தண்ணீர் தெளிக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே.

மாற்றம் செய்யும் முறை

கோப்பில் மாற்றத்தக்கவை மூன்று: B2-இல் உள்ள தொடக்க நாள், 8-ஆம் பணி நீங்கலாக E நெடுவரிசையில் உள்ள நாள்கள், விடுமுறைத் தாள். மற்ற கட்டங்கள் பூட்டப்பட்டுள்ளன. மணல் லாரி வராமலோ ஆள் குறைந்தோ ஒரு வேலை இரண்டு நாள் நீண்டால், முடிவுத் தேதியை மாற்றாமல் E-இல் உள்ள எண்ணுடன் இரண்டைக் கூட்ட வேண்டும். பின்வரும் தேதிகளும் பட்டையும் தாமே நகரும். யாரேனும் பூட்டை நீக்கி G கட்டத்தில் நேரடியாகத் தேதியை எழுதிவிட்டால் சூத்திரம் அழிந்து, அந்த வரிசை அதன்பின் எந்த மாற்றத்துக்கும் அசையாது.

ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் கூலி கொடுத்து முடிந்தபின், அந்த வாரம் உண்மையில் ஆன நாள்களை மேஸ்திரி சொல்ல, நான் E நெடுவரிசையில் பதிவு செய்து, புதிய பட்டையின் அச்சுப் படியைக் கீழ்வீட்டுப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டிவிடுவேன். எலக்ட்ரீஷியன், பிளம்பர், டைல்ஸ் குழுவினர் தங்கள் தொடக்கத் தேதிக்குப் பத்து நாள் முன்னதாக அந்தத் தாளைப் பார்த்து, வர இயலுமா என்பதை எனக்கு உறுதிசெய்ய வேண்டும்.