முதலீட்டு அறிவிப்பை நிரப்புவது எப்படி? ஆகஸ்டில் சேர்ந்தோருக்கான வழிகாட்டி

நம் சென்னை அலுவலகத்தில் ஆகஸ்ட் 1 அன்று பணியில் சேர்ந்துள்ள நீங்கள், 2025-26 நிதியாண்டுக்கான முதலீட்டு அறிவிப்பை இம்மாதம் 22ஆம் தேதிக்குள் சம்பளத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதில் நீங்கள் தரும் விவரங்களை வைத்தே ஆண்டு வரியைக் கணித்து, மார்ச் வரையுள்ள எட்டுச் சம்பளங்களில் பிரித்துப் பிடிக்கிறோம்.

முதலில் எந்த வரிமுறை என்பதை முடிவு செய்யுங்கள். எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய வரிமுறையே பொருந்தும். அதில் நிலையான கழிவு 75,000 ரூபாய். அது போக வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் வரியே இல்லை. அதாவது ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சத்துக்குள் இருந்து, வேறு வருமானமும் இல்லையென்றால், வரியைக் குறைப்பதற்காக நீங்கள் எந்த முதலீடும் செய்யத் தேவையில்லை. வரி மிச்சமாகும் என்று சொல்லி யாராவது காப்பீட்டுப் பாலிசி விற்க வந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆனால் ஆண்டுச் சம்பளம் என்பது இங்கே வாங்குவது மட்டுமன்று. ஏப்ரல் முதல் ஜூலை வரை முந்தைய நிறுவனத்தில் மாதம் 1 லட்சம் வாங்கிய ஒருவர், இங்கே மாதம் 1.25 லட்சத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்குள்ள எட்டு மாதச் சம்பளம் 10 லட்சம்தான் என்பதால், அதை மட்டும் பார்த்தால் பிடித்தம் எதுவும் வராது. முந்தைய 4 லட்சத்தைச் சேர்த்தால் மொத்தம் 14 லட்சம். கழிவு போக 13.25 லட்சம், கூடுதல் வரி உட்பட 81,900 ரூபாய் கட்ட வேண்டியதாகிறது. படிவம் 12பி வழியாக இதை இப்போதே தெரிவித்தால் மாதம் சுமார் 10,240 ரூபாய் வீதம் பிடிப்போம். மறைத்தால் கணக்குத் தாக்கல் செய்யும்போது முழுத் தொகையையும் வட்டியோடு ஒரே தவணையில் கட்ட நேரிடும். ஆகவே பழைய நிறுவனத்தின் சம்பள விவரத்தையும் அங்கே ஏற்கெனவே பிடித்த வரியையும் தவறாமல் பதிவு செய்யுங்கள்.

இதே ஊழியருக்குப் பழைய வரிமுறை லாபமா? அவருடைய அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 7 லட்சம், வீட்டு வாடகைப்படி 3 லட்சம், சென்னையில் கொடுக்கும் வாடகை மாதம் 25,000. வாங்கிய படி, அடிப்படைச் சம்பளத்தில் பாதி, வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கழித்த தொகை ஆகிய மூன்றில் எது குறைவோ அதற்கே விலக்கு; இவருக்கு அது 2.3 லட்சம். நிலையான கழிவு 50,000, வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு போன்றவற்றுக்கு 80சி பிரிவில் 1.5 லட்சம், தமக்கும் மூத்த குடிமக்களான பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடாக 80டி பிரிவில் 75,000 என எல்லாவற்றையும் கழித்த பிறகும் வரி 95,160 ரூபாய் வருகிறது. இத்தனை கழிவுகள் இருந்தும் புதிய முறையே மேல். சொந்த ஊரில் பெற்றோர் குடியிருக்கும் வீட்டுக்குத் தம் பெயரில் கடன் வாங்கி, ஆண்டுக்கு 2 லட்சம் வட்டி கட்டுபவராக இருந்தால் மட்டும் பழைய முறையில் வரி 53,560 ஆகக் குறைந்து, 28,340 ரூபாய் மிச்சமாகும். வீடும் அவர் பெயரில் இருக்க வேண்டும், கட்டியும் முடிந்திருக்க வேண்டும்.

பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் படிவம் 12பிபியை நிரப்ப வேண்டும். சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதியை நாங்களே 80சி பிரிவில் சேர்த்துவிடுவதால் நீங்கள் மறுபடியும் எழுத வேண்டாம். உங்களுக்கும் மனைவி அல்லது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் கட்டும் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் செல்லும். பெற்றோருக்குக் கட்டுவது செல்லாது. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டியிருந்தால் கழிவு கிடைக்காது. வீட்டுக் கடன் வட்டிக்குக் கடன் கொடுத்த வங்கியின் பான் எண்ணும் தேவை.

வாடகையில்தான் சிக்கல் அதிகம். ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண் கட்டாயம் என்பதால் வீடு பார்க்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு வாடகை கொடுப்பதில் தவறில்லை. ஆனால் வீடு அவர்கள் பெயரில் இருந்து, பணம் மாதாமாதம் வங்கி வழியாகச் சென்று, அவர்களும் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். கொடுக்காத வாடகைக்கு ரசீது எழுதினால் அது வருமானத்தைத் தவறாகக் காட்டிய குற்றமாகி, அதனால் குறைந்த வரியைப் போல இரு மடங்கு அபராதம் வரக்கூடும். அப்படிப்பட்ட ரசீதுகளை நாங்கள் ஏற்கமாட்டோம்.

இப்போது நீங்கள் எழுதுவது மார்ச்சுக்குள் செய்யப்போகும் முதலீடுகளின் உத்தேசக் கணக்கு. அதற்கான சான்றுகளை ஜனவரி 12க்குள் பதிவேற்ற வேண்டும். சான்று இல்லாத தொகையை நீக்கி, விட்டுப்போன வரியை அந்த ஜனவரி, பிப்ரவரி, மார்ச் சம்பளங்களிலேயே பிடிப்போம் என்பதால், உறுதியாகச் செய்யப்போவதை மட்டும் எழுதுங்கள். ஏதாவது விடுபட்டு வரி கூடுதலாகப் பிடிக்கப்பட்டால், கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்து பெரும்பாலான கழிவுகளைக் கோரி, பணத்தைத் திரும்பப் பெறலாம். வரிமுறையை ஆண்டின் இடையில் எங்களிடம் மாற்ற இயலாது என்றாலும், சம்பள வருமானம் மட்டுமே உள்ளவர்கள் அந்தத் தாக்கலின்போது மாற்றிக்கொள்ளலாம்.